எல்லாக் கிளையும் வந்தாயிற்று, ஆனாலும் ஒரு சமன்பாடு குறைகிறது

சர்க்யூட் வடிவமைப்புக் குழுவில் என் வேலையில் பாதி, மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்ப்பதுதான். பலகை தயாரிப்புக்குப் போகும் முன் சிமுலேட்டர் கொடுத்த விடையோடு கையால் எழுதிய கணக்கு ஒன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படி ஒரு முறை, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பொறியாளர் ஏணி வடிவ அட்டென்யுவேட்டர் ஒன்றின் கணக்கைக் கொண்டுவந்தார். சிமுலேட்டர் சொன்ன லோடு மின்னோட்டத்துக்கும் அவருடையதற்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். “சார், கேசிஎல் எல்லாக் கணுவிலும் சரியா வருது, பவர் பேலன்ஸும் சரியா இருக்கு. சிமுலேட்டர்லதான் ஏதோ தப்பு” என்றார். அவர் சொன்ன இரண்டு சோதனைகளும், அதாவது கிர்சாஃப் மின்னோட்ட விதியும் பவர் சமநிலையும், உண்மையிலேயே சரியாக இருந்தன. அதனால்தான் இதை எழுதத் தோன்றுகிறது. எல்லாக் கிளையும் குறைந்தது ஒரு லூப்பில் வந்தால் போதும் என்ற விதியை நம்பித்தான் அவர் லூப்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

சர்க்யூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே ஐந்து கணுக்கள், கீழே ஒரு பொதுக் கணு. மேல் கணுக்களை வரிசையாக இணைப்பவை s1, s2, s3, s4. முதல் கணுவிலிருந்து கீழே இறங்குவது மின்மூலம், அடுத்த மூன்றிலிருந்து இறங்குபவை p1, p2, p3, கடைசியிலிருந்து இறங்குவது லோடு. ஆக 6 கணு, 9 கிளை. லூப் எதுவும் உருவாகாமல் எல்லாக் கணுக்களையும் இணைக்கும் கிளைத் தொகுப்புதான் மரம், அதில் உள்ள கிளை ட்விக். எந்த மரத்தை எடுத்தாலும் அதில் 6 − 1 = 5 ட்விக் இருக்கும், மீதி 4 கிளைகள் லிங்க். அதாவது சர்க்யூட்டை இரண்டாக வெட்டும் கிளைகளில் மின்னோட்டத்தைக் கூட்டும் கட்-செட் வழியில் போனால் 5 சமன்பாடு, லூப்பைச் சுற்றி மின்னழுத்தத்தைக் கூட்டும் டை-செட் வழியில் 4. இங்கே டை-செட் எடுப்பதுதான் லாபம், அவரும் அதைத்தான் எடுத்திருந்தார். நிஜ மதிப்புகள் வேறு. இங்கே எளிமைக்காக எல்லா மின்தடையும் 1 ஓம், மூலம் 55 வோல்ட்டும் அதோடு தொடரில் 1 ஓமும் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் அழகாக வரும்.

ஏணியின் நான்கு சின்ன ஜன்னல்களை இடமிருந்து வலமாக அ, ஆ, இ, ஈ என்று அழைக்கலாம். அவர் இந்த நான்கு மெஷ்களையும் அப்படியே எடுக்கவில்லை. ஒவ்வொரு லூப்பும் பக்கத்து ஜன்னலையும் தொட்டால் கணக்கு இன்னும் கெட்டியாக இருக்கும் என்று நினைத்து இரண்டிரண்டாகச் சேர்த்திருந்தார்: அ-ஆ இரண்டையும் சுற்றும் லூப், ஆ-இ இரண்டையும் சுற்றுவது, இ-ஈ இரண்டையும் சுற்றுவது. நான்காவதாக மூலத்தையும் லோடையும் நேரடியாக இணைக்கும் வெளிச்சுற்று. நான்கும் வேறுவேறு லூப்கள். ஒன்பது கிளைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை. அந்த லூப் மின்னோட்டங்களுக்கு எழுதிய சமன்பாடுகள் இப்படி வந்தன:

```
[ 4  1 -1  3 ]   [55]
[ 1  4  1  2 ] = [ 0]
[-1  1  4  3 ]   [ 0]
[ 3  2  3  6 ]   [55]
```

கடைசி வரி முதல் வரியையும் மூன்றாம் வரியையும் கூட்டியது. வலப்பக்கமும் அப்படியே கூடுகிறது. படத்திலும் இது தெரியும்: அ-ஆ லூப்பையும் இ-ஈ லூப்பையும் ஒரே திசையில் சுற்றிக் கூட்டினால், நடுவில் இருக்கும் p2 ஒருமுறை கீழாகவும் ஒருமுறை மேலாகவும் வந்து அடிபட்டுப்போகும். மிஞ்சுவது வெளிச்சுற்று. ஆக நான்காவது சமன்பாடு புதிதாக எதையும் சொல்லவில்லை.

பைத்தானில் `numpy.linalg.solve` இதை ஒழுங்காகவே `Singular matrix` என்று சொல்லி நிறுத்தியிருக்கிறது. அவர் அதை ஏதோ எண்ணியல் சிக்கல் என்று எடுத்துக்கொண்டு `lstsq`-க்கு மாறிவிட்டார். அது மறுப்புச் சொல்லாமல் ஒரு விடையைக் கொடுத்தது. லூப் மின்னோட்டங்களுக்கு எண்ணற்ற விடைகள் உண்டு, அவற்றில் ஒன்றை அது எடுத்துக்கொள்ளும். ஆனால் எதை எடுத்தாலும் கிளை மின்னோட்டங்கள் ஒன்றேதான். மெஷ் வாரியாகச் சொன்னால் அ-வில் 16.5 ஆம்பியர், ஆ-வில் 11, இ-யில் 0, ஈ-யில் 5.5. சரியான விடை 21, 8, 3, 1. லோடில் 1 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 5.5 என்று காகிதம் சொல்கிறது.

இதில் என்னைக் கொஞ்சநேரம் உட்கார வைத்தது பவர் கணக்கு. மூலம் கொடுப்பது 55 × 16.5 = 907.5 வாட். ஒன்பது கிளைகளிலும் செலவாவதைக் கூட்டினால் அதே 907.5 வருகிறது. கிர்சாஃப் மின்னோட்ட விதி ஆறு கணுக்களிலும் பொருந்துகிறது. அப்புறம் எப்படித் தப்பு?

இரண்டும் பொருந்தியே தீரும் என்பதுதான் விஷயம். லூப் மின்னோட்டம் என்று ஒன்றை எடுத்த உடனேயே அது நுழைந்த கணுவிலிருந்து வெளியேறியும் விடுகிறது. எந்தக் கட்-செட்டை வெட்டினாலும் ஒரு லூப் அதை எத்தனை தடவை உள்ளே தாண்டுகிறதோ அத்தனை தடவை வெளியேயும் தாண்டும். அதனால் லூப் மின்னோட்டங்களுக்கு வாய்க்கு வந்த எண்களைப் போட்டாலும் கட்-செட் சமன்பாடுகள் ஐந்தும் பூஜ்யம் காட்டும். டை-செட்டில் நடந்த பிழையைக் கட்-செட்டால் பிடிக்க முடியாது. பவரும் அதே கதைதான்: எடுத்த லூப்கள் எல்லாவற்றிலும் மின்னழுத்தச் சமன்பாடு நிறைவேறினால், ஒவ்வொன்றையும் அதன் மின்னோட்டத்தால் பெருக்கிக் கூட்டும்போது பவர் தானாகவே சமனாகிவிடும். எடுக்காமல் விட்ட லூப்பைப் பற்றி அந்தக் கூட்டலுக்குத் தெரியாது.

பிழையைக் காட்டிக்கொடுத்தது தனித்தனி மெஷ்கள். அ-வைச் சுற்றிப் பார்த்தால் 16.5 வோல்ட் மிச்சம். ஆ-வில் அதே 16.5, எதிர்க்குறியோடு. இ-யில் மறுபடியும் நேர்க்குறி, ஈ-யில் எதிர்க்குறி. பக்கத்துப் பக்கத்து மெஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் பிழை முழுதாக அழிந்துவிடுகிறது. அவர் தேர்ந்தெடுத்த நான்கு லூப்களும் இரட்டைப்படை எண்ணிக்கையில் மெஷ்களை அடக்கியவை என்பதால், ஒன்றின் கண்ணிலும் அது படவில்லை. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் அவரே, “அப்போ இந்த மாதிரி லூப் இன்னும் பத்து போட்டாலும் பிடிபடாதா?” என்று கேட்டார். பிடிபடாதுதான்.

“எல்லாக் கிளையும் குறைந்தது ஒரு லூப்பில் வந்தால் போதும்” என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். பெரும்பாலும் நாம் முதலில் பழகுவது வீட்ஸ்டோன் பிரிட்ஜில். அதில் 4 கணு, 6 கிளை, வேண்டியது 3 லூப். மொத்தம் இருக்கும் 7 லூப்களில் எந்த மூன்றை எடுத்தாலும், ஆறு கிளைகளும் அவற்றில் வந்துவிட்டால் அந்த மூன்றும் சார்பற்றவையாகவே இருக்கும். ஒன்றையொன்று சார்ந்த மூன்று அகப்பட்டால் அதில் கட்டாயம் ஒரு கிளை விடுபட்டிருக்கும். ஆக அங்கே அந்த விதி ஏமாற்றுவதே இல்லை. நான்கு ஜன்னல் ஏணிக்கு வந்ததும் கைவிட்டுவிடுகிறது. நம் கணக்கில் முதல் மூன்று லூப்களிலேயே ஒன்பது கிளைகளும் தீர்ந்துவிட்டன. நான்காவது லூப்புக்குப் புதுக் கிளை எதுவும் மிச்சமில்லை. அப்படியானால் அது தவறு என்று அர்த்தமில்லை, ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

மரம் வரைந்துவிட்டு எடுத்தால் இந்தச் சந்தேகத்துக்கே வேலையில்லை. செங்குத்தாக இறங்கும் ஐந்தையும் மரமாக வைத்தால் s1 முதல் s4 வரை லிங்க். ஒவ்வொரு லிங்கையும் மரத்தோடு சேர்த்தால் ஒரே ஒரு லூப் உருவாகும், அந்த லிங்க் வேறு எந்த லூப்பிலும் வராது. தனக்கு மட்டுமே சொந்தமான ஒரு கிளையை வைத்திருக்கும் சமன்பாட்டை மற்றவற்றைக் கூட்டிக் கழித்து உண்டாக்க முடியாது. நிரூபணம் அவ்வளவுதான், கிர்சாஃப் 1847-இல் எழுதிய கட்டுரையிலேயே இந்தக் கருத்து இருக்கிறது.

இன்னொருவர் ஏற்கெனவே எழுதிவந்த லூப்களைச் சரிபார்ப்பதற்கும் மரம் உதவும். ஒன்பது கிளைகளையும் பார்க்கத் தேவையில்லை, லிங்க்களின் பத்திகளை மட்டும் எடுத்து எழுதினால் போதும். லிங்க்கில் என்ன இருக்கிறதோ அதை வைத்து ட்விக்கில் வருவது தானாகவே தீர்மானமாகிவிடும். அவருடைய லூப்களுக்கு அந்தச் சின்ன அட்டவணை இது:

```
       s1 s2 s3 s4
அஆ      1  1  0  0
ஆஇ      0  1  1  0
இஈ      0  0  1  1
வெளி    1  1  1  1
```

டிட்டர்மினன்ட் பூஜ்யம். மின்தடை மதிப்புகள் எதுவும் இதில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிஜ பலகையில் 47.3, 68.1 என்று மதிப்புகள் இருக்கும்போது, முழு அணியைச் சுருக்கினால் சரியான பூஜ்யத்துக்குப் பதிலாக மிகச் சிறிய மிச்சம் ஒன்று நிற்கலாம். அப்போது `solve` கூட எச்சரிக்காமல் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே உள்ள இந்த அட்டவணையில் அந்தக் குழப்பம் கிடையாது. `lstsq` பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அது திருப்பித் தரும் மூன்றாவது மதிப்பைப் பார்க்கலாம். அது ரேங்க், அதாவது சார்பற்ற சமன்பாடுகளின் எண்ணிக்கை. அவருடைய ஓட்டத்தில் அங்கே 3 என்று இருந்தது, யாரும் அச்சிட்டுப் பார்க்கவில்லை.

“அப்போ வெளிச்சுற்றை எடுக்கவே கூடாதா?” என்றும் கேட்டார். எடுக்கலாம். மரத்தை மாற்றி s1 முதல் s4 வரையும் லோடையும் ட்விக்காக வைத்தால், லிங்க்கான மூலம் உருவாக்கும் டை-செட் அந்த வெளிச்சுற்றுத்தான். மற்ற மூன்று லிங்க்குகளான p1, p2, p3 முறையே ஆ-இ-ஈ, இ-ஈ, ஈ என்ற லூப்களைத் தரும். நான்கும் சார்பற்றவை. இந்த மரத்தில் கட்-செட் பக்கமும் வசதிதான்: s3 என்ற ட்விக்கின் கட்-செட் s3, மூலம், p1, p2 ஆகிய நான்கையும் வெட்டுவதால், மூலத்திலிருந்து வந்த மின்னோட்டத்தில் p1, p2 எடுத்துக்கொண்டது போக மிச்சம் s3-இல் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கையால் சரிபார்ப்பவருக்கு எனக்குப் பிடித்த மரம் இதுதான்.

இதெல்லாம் செய்த பிறகும் சிங்குலர் என்று வந்தால் சர்க்யூட்டையே பார்க்க வேண்டும். தொடர்த் தடையில்லாத வோல்டேஜ் சோர்ஸ்கள் மட்டுமே சேர்ந்து ஒரு லூப்பை மூடியிருந்தால், அந்த லூப்பின் சமன்பாட்டில் தெரியாத மின்னோட்டத்தின் கெழு எல்லாம் பூஜ்யமாகிவிடும். கரன்ட் சோர்ஸ்கள் மட்டுமே ஒரு கட்-செட்டை நிரப்பினாலும் அதேபோல மின்னழுத்தம் தீர்மானமாகாது. இவற்றை வேறுபடுத்த நான் செய்வது, வேறொரு மரத்தை எடுத்து மறுபடி எழுதுவது. லூப் தேர்வுதான் காரணம் என்றால் மரத்திலிருந்து எழுதும்போதே சிக்கல் போய்விடும். சர்க்யூட் காரணம் என்றால் எந்த மரத்திலும் ரேங்க் அதே அளவு குறைந்தே நிற்கும். வோல்டேஜ் சோர்ஸ்களை எல்லாம் ட்விக்காகப் போட முயன்றாலே இது முன்கூட்டித் தெரிந்துவிடும், ஏனென்றால் லூப்பாக மூடிக்கிடக்கும் சோர்ஸ்களில் கடைசி ஒன்றுக்கு மரத்தில் இடம் கிடைக்காது.