பனை பானையான கதை: என் கவிதையைப் பாட்டாக்கிய மூன்று வாரம்

கொழிஞ்சாம்பாறையில் ஆடி பிறந்தால் மேற்குக் காற்றின் சத்தம்தான் ராவும் பகலும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து பனைகளை வளைக்கும் அந்தக் காற்றையும், பனையேறியான என் தாத்தாவையும் வைத்து 32 வரியில் ஒரு கவிதை எழுதியிருந்தேன். வேலந்தாவளத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன் ஒருவர் படித்துவிட்டு, "பாட்டாக்கலாம், ஆனா பாதிக்கு மேல போயிரும்" என்றார். போனது பாதிக்கும் மேல்தான்.

முதல் வாரம் முழுக்கப் பல்லவி தேடினேன். கவிதையில் எனக்குப் பிடித்த இடம் இது:

தாத்தா ஏறிய பனையின் கழுத்தை
இன்னும் திருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறது காற்று

இதையே பல்லவியாக வைத்து நான்கு முறை பாடிப் பதிவு செய்தேன். இரண்டாவது தடவையிலேயே வரி செத்துவிட்டது. ஒரு படிமம் முதல் தடவை கண்ணில் விரியும். அதற்குப் பிறகு அதில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப வரும் வரிக்கு, இடம் மாறும்போது பொருளும் மாற வேண்டும். அப்படி ஒரு வரி 19ஆவது இடத்தில் ஒளிந்திருந்தது. பாட்டி சொல்வது: "காத்து அடங்கட்டும்." முதலில் அது தாத்தாவைத் தடுக்கும் சொல். இரண்டாம் சரணத்துக்குப் பின் அதே சொல் அவள் காத்திருப்பாக மாறுகிறது. அவர் போன பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. பல்லவி இப்படி நின்றது:

காத்தடங்கட்டும் மாமா
அப்பறமா ஏறிக்கலாம்

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த எழுத்துக்கும் இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு வரியும் 13 மாத்திரை. 16 மாத்திரைச் சுற்றில் மிச்சம் மூன்று, கடைசி எழுத்தை இழுக்க. "மாமா"வைச் சேர்த்ததே அதற்காகத்தான். "கட்டும்" என்று முடித்தால் வாய் மூடிவிடுகிறது, இழுக்க முடியவில்லை. "மா" திறந்த எழுத்து, குரல் தாராளமாக நிற்கும். பாட்டி தாத்தாவை அழைத்ததும் அப்படித்தான்.

இரண்டாம் வாரம் வெட்டு. என் கவிதையில் ஐந்து வரிக்கு ஒரே வாக்கியம் ஓடும்: மலை விட்ட வழியில், மழையைப் பிழிந்துவிட்டு, வெறுங்கையோடு, முற்றம் வரை வந்த காற்று... வினை கடைசியில்தான் வரும். படிப்பவர் மேலே திரும்பிப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வினை வருவதற்குள் எழுவாய் மறந்துபோகும். அதனால் வரிக்கு ஒரு வினைமுற்று என்று வைத்துக்கொண்டேன்:

மேக்கே மல வழி விட்டுருச்சு
காத்து வாசலுக்கே வந்துருச்சு

'மழையைப் பிழிந்துவிட்டு' போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். கணவாய் என்ற சொல்லும் போயிற்று. அதுதான் கவிதையின் தலைப்பாகவே இருந்தது!

பெரிய தவறு மூன்றாம் வாரத்தில் தெரிந்தது. சரணத்தின் தொடக்கம் "பனையே நெட்டப் பனையே". அண்ணனின் மெட்டு முதல் எழுத்திலேயே நீளமாக இழுத்தது. பதிவைக் கேட்ட தங்கச்சி, "பானையப் பத்தியும் வருதா?" என்றாள். குறிலை இழுத்தால் அது நெடிலாகிறது. தமிழில் நெடிலானால் வேறு சொல்லாகிறது. மெட்டை மாற்ற அண்ணன் இசையவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அந்த இழுப்புதான் சரணத்தின் அழகு. சொல்லைத்தான் நகர்த்தினேன்:

ஒத்தப் பனையே ஓங்கி நிக்குறே

இழுப்பு இப்போது 'ஒத்' மேல் விழுகிறது. "ஓத்த" போல ஒலிக்கிறதா என்று மறுபடி தங்கச்சியிடமே கொடுத்தேன். 'த்' என்ற ஒற்றெழுத்தைக் கொஞ்சம் அழுத்திப் பாடினால் சரியாகக் கேட்கிறது என்றாள். 'பனை' வேகமாகக் கடக்கும் இடத்துக்குப் போய்விட்டதால் பனையாகவே இருக்கிறது. இதற்குப் பிறகு ஒவ்வொரு நீண்ட சுரத்தின் கீழும் என்ன எழுத்து இருக்கிறது என்று வட்டமிட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டு குறில்கள் சிக்கின. அவற்றை நெடிலாக்கினால் பொருள் மாறவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

இப்போது பாட்டு: பல்லவி இரண்டு வரி, நான்கு வரியில் இரண்டு சரணம், கடைசியில் இரண்டு வரி. மொத்தம் 12. பல்லவி மூன்று முறை வருகிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி துணி காயப்போட்டுக்கொண்டே "காற்றடங்ஙட்டெ" என்று மலையாளத்தில் அதே மெட்டில் முணுமுணுத்தார். கேட்டதும் உள்ளே ஓடிவந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

பாக்கி இருப்பது மூன்றாவது பல்லவி. தாத்தா இல்லாத இடத்தில் "மாமா" வரக்கூடாது என்று நினைக்கிறேன். அந்த நான்கு மாத்திரையையும் இழுப்பையும் வெறும் ஆர்மோனியச் சுருதிக்கு விட்டு, "காத்தடங்கட்டும்" என்பதோடு நிறுத்திப் பதிவு செய்தோம். கேட்பவர் சொல் மறந்துவிட்டதாக நினைப்பாரோ என்று அண்ணனுக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை "மாமா"வோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டையும் பாட்டியிடம் போட்டுக் காட்டப் போகிறோம்.