பிரெஞ்சில் வேலை விண்ணப்பக் கடிதம்: என் முதல் கடிதத்தில் நான் ஒரு பையனாக இருந்தேன்

புதுச்சேரியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் மூன்று வருடப் பட்டம் முடித்தேன், கூடவே மாலை வகுப்பு போய் பிரெஞ்சில் டெல்ஃப் பி2 தேறினேன். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் குறைந்தது 250 வார்த்தைக்கு ஒரு வாதக் கட்டுரை, பல நேரம் அதிகாரபூர்வக் கடிதமாகவே கேட்பார்கள். அதில் எனக்கு நல்ல மதிப்பெண். அந்தத் தைரியத்தில் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை ஹோட்டல்களுக்கு, கோடை சீசனுக்கு ரிசப்ஷன் வேலை கேட்டு, ஜனவரி மாதத்தில் பதினொரு கடிதம் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதி படித்தவர் நிமிர்ந்து, "ஏம்மா, இது யார் எழுதினது? எவனோ ஒரு பையன் கடிதமா இருக்கே" என்றார்.

காலேஜ் சீனியர் அண்ணா ஒருவர் கொடுத்த மாதிரிக் கடிதத்தில்தான் என் பெயரைப் போட்டிருந்தேன். தமிழில் "நான் படித்தேன், ஆர்வமாக இருக்கிறேன்" என்று யார் எழுதினாலும் ஒன்றுதான், எழுதுவது ஆணா பெண்ணா என்று வாக்கியம் காட்டிக்கொடுக்காது. பிரெஞ்சில் காட்டிக்கொடுக்கும். பட்டம் பெற்றவர் என்பதற்கு diplômé என்று இருந்தது, நான் diplômée என்று எழுதியிருக்க வேண்டும். motivé, convaincu என்று மொத்தம் நான்கு இடத்தில் அந்தக் கடைசி e இல்லை. எழுத்துப்பிழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், இன்னொருவர் கடிதத்தைக் காப்பி அடித்தது என்றுதான் நினைப்பார்கள். நினைத்தது சரியும்கூட.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. "பி2 பரீட்சை எழுதினேன்னு போட்டிருக்க, பாஸ் பண்ணினியா இல்லையா?" என்று கேட்டார். நான் எழுதியிருந்தது j'ai passé le DELF B2. அந்த passer என்ற வினைக்குத் தேர்வு எழுதுவது என்றுதான் அர்த்தம், தேறுவது என்று இல்லை. இங்கிலீஷ் பழக்கத்தில் நாம் எல்லோரும் விழுகிற பள்ளம் இது. je suis titulaire du DELF B2 என்று எழுதினால் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று ஆகிவிடும், விளக்கவே வேண்டாம். அடுத்தது poste. இந்தச் சொல் ஆண்பாலாக வந்தால் வேலைப் பதவி, பெண்பாலாக வந்தால் தபால் ஆபீஸ். நான் à la poste என்று போட்டிருந்ததால், ரிசப்ஷனிஸ்ட் வேலைக்குத் தபால் நிலையத்தில் விண்ணப்பித்த மாதிரி இருந்தது. அதே போல உங்கள் ஹோட்டலில் சேர ரொம்ப ஆவலாக இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து excitée என்று எழுதியிருந்தேன். தாத்தா அதை விளக்கவில்லை, பேனாவால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அகராதியைப் பார்த்தபோது ஏன் அடித்தார் என்று தெரிந்தது. அந்தச் சொல்லுக்கு அங்கே பாலுணர்வு வாடை உண்டு.

இதெல்லாம் சொல் பிழைகள், ஒருநாள் உட்கார்ந்தால் திருத்திவிடலாம். ஆனால் கடிதத்தின் கட்டுமானமே தப்பாக இருந்தது, அதைத் திருத்தத்தான் நாள் பிடித்தது. தேர்வுக்குப் பழகிய கை, "ஒரு பக்கம் பார்த்தால், மறுபக்கம் பார்த்தால், ஆகவே" என்று வாதம் அடுக்கிக்கொண்டே போகும். தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. ஹோட்டல் நடத்துபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இங்கிலீஷ் கவரிங் லெட்டர் பழக்கமோ முதல் வரியிலேயே "நான்" என்று ஆரம்பித்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கிற வரிசை வேறு: வூ, முவா, நூ. அதாவது முதலில் நீங்கள், அப்புறம் நான், கடைசியில் நாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம்.

முதல் பத்தியில் ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் "புகழ்பெற்ற உங்கள் நிறுவனம்" என்கிற மாதிரி வரிக்கு அங்கே மதிப்பு கிடையாது. எந்த ஹோட்டலுக்கும் பொருந்துகிற வரி என்றால் எடுத்துவிடுங்கள். நான் கடைசியாக எழுதிய ஹோட்டலின் இணையப் பக்கத்தில், ரிசப்ஷன் இரவு பதினொன்றுக்கு மூடுகிறது, அதற்குப் பிறகு வருபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இருந்தது. விருந்தினர் கருத்துகளில் பாதி இங்கிலீஷ். அப்படியென்றால் சின்ன ஹோட்டல், ஆள் குறைவு, இரண்டு மொழியும் பேசி எல்லா வேலையும் பார்க்கிற ஒருவர் வேண்டும். அதைத்தான் முதல் பத்தியில் இரண்டு வாக்கியமாக வைத்தேன்.

இரண்டாவது பத்தி நம்முடையது. இங்கேதான் நான் ரொம்ப சொதப்பியிருந்தேன். "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்பவள், அழுத்தத்தைத் தாங்குபவள்" என்று குணங்களை அடுக்கியிருந்தேன். தாத்தா கேட்டது ஒன்றுதான்: "டிரெயினிங்ல தினமும் என்னம்மா பண்ணுவ?" ஆறு மாத இண்டஸ்ட்ரியல் டிரெயினிங்கில் ஒயிட் டவுன் பக்கம் 42 அறை உள்ள ஹோட்டலில் முன் மேசையில் நின்றேன், டிசம்பர் ஜனவரியில் பிரெஞ்சுக் கூட்டம் வரும், வாரத்துக்கு முப்பது பேருக்கு நானே பிரெஞ்சில் செக்-இன் செய்வேன் என்றேன். "அப்ப அதை எழுது" என்றார். அந்தப் பத்தி முழுவதையும் தூக்கிவிட்டு இந்த ஒரு வாக்கியம் வந்தது:

```
Lors d'un stage de six mois à la réception d'un hôtel
de 42 chambres à Pondichéry, j'ai accueilli en français
une trentaine de clients par semaine en haute saison.
```

டிரெயினிங் என்பதற்கு அங்கே ஸ்தாஜ் என்பதுதான் சொல். ஃப்ரன்ட் ஆபீஸ் என்று நாம் படித்தது அவர்களுக்கு ரெசெப்சியோன், ஹவுஸ்கீப்பிங் என்றால் செர்வீஸ் தே-ஜெதாழ், மாடிகளின் சேவை. நம் பாடப்புத்தகத்தில் இருப்பதையே ஹோட்டல் வாசலில் பிரெஞ்சில் என்னவென்று சொல்கிறார்கள் என்று அவர்களுடைய வேலை விளம்பரங்களைப் படித்துத்தான் பிடிக்க முடியும், அகராதி இதற்கு உதவாது. நான் ஒரு இருபது விளம்பரம் படித்து நோட்டில் எழுதி வைத்தேன். விளம்பரத்தில் அவர்கள் போட்டிருந்த பதவிப் பெயரையே தலைப்பு வரியிலும் எழுதினேன், பெண்பாலில்:

```
Objet : candidature au poste de réceptionniste saisonnière
```

அந்த முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறதே, பிழை இல்லை, பிரெஞ்சில் அப்படித்தான். தேதி எழுதும்போது மாதப் பெயருக்குச் சின்ன எழுத்துதான். இதெல்லாம் தெரியாமல் எழுதினால் வேலை போய்விடாது, ஆனால் இங்கிலீஷ் கடிதத்தை மொழிபெயர்த்திருக்கிறார் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது பத்தியில், எந்தத் தேதியிலிருந்து வர முடியும், போனில் பேச எப்போது வசதி என்பதோடு, வேலை அனுமதி விஷயத்தையும் வைத்தேன். இதில் நண்பர்கள் பலரும் மறைக்கச் சொன்னார்கள். நான் மறைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது ஹோட்டல்தான், நாம் இல்லை. அது கிடைத்த பிறகுதான் நமக்கு விசா. இது தெரியாத முதலாளி கடைசி நேரத்தில் கைவிடுவதைவிட, ஆரம்பத்திலேயே தெரிந்து வேண்டாம் என்று சொல்வது மேல். "இந்தியக் குடியுரிமை, வேலை அனுமதி தேவைப்படும், ஆவணங்கள் எல்லாம் தயாராக உள்ளன" என்று ஒரே வாக்கியம். கெஞ்சல் வேண்டாம். ஏப்ரலில் சீசன் தொடங்கும் ஹோட்டலுக்கு மார்ச்சில் எழுதினால் இந்த வேலையெல்லாம் முடியாது என்று அவர்களே ஒதுக்கிவிடுவார்கள், அதனால் நாள் இருக்கும்போதே எழுதுங்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். "தங்கள் உண்மையுள்ள" என்று இரண்டு சொல்லில் முடிக்கிற பழக்கம் நமக்கு. அவர்களுக்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும். இது பழைய காலத்து ராஜமரியாதை மாதிரி தோன்றும், ஆனால் காகிதத்திலோ பிடிஎஃப்பிலோ போகிற கடிதத்தில் இன்றும் எதிர்பார்க்கிறார்கள். நான் எழுதியிருந்தது "பதிலை எதிர்பார்த்து, ஏற்றுக்கொள்ளுங்கள்" என்கிற மாதிரி, veuillez agréer. தாத்தா இதைப் பார்த்ததும், "எதிர்பார்க்கிறது யாரு? நீ. ஏத்துக்கிறது யாரு? அவங்க. ஒரே வாக்கியத்துல ஆள் மாறிப்போச்சே" என்றார். பிரெஞ்சுக்காரர்களே பாதிப் பேர் இப்படி எழுதுகிறார்கள் என்று பின்னால் பார்த்தேன், ஆனாலும் இலக்கணக்காரர் ஒருவர் கையில் கிடைத்தால் மாட்டுவோம். எதிர்பார்ப்பவர் நான் என்றால் அடுத்த வினையும் என்னுடையதாக, என் வணக்கத்தை ஏற்கும்படி வேண்டுகிறேன் என்று இருக்க வேண்டும்:

```
Dans l'attente de votre réponse, je vous prie d'agréer,
Madame la Directrice, mes salutations distinguées.
```

கடிதத்தின் மேலே எப்படி அழைத்தோமோ, இந்தக் கடைசி வாக்கியத்தின் நடுவில் அதே அழைப்பு ஓர் எழுத்து மாறாமல் திரும்ப வர வேண்டும். யார் படிப்பார் என்று தெரியாவிட்டால் இரண்டு இடத்திலும் Madame, Monsieur. நான் முதலில் அனுப்பிய பதினொன்றில் சிலவற்றில் மேலே ஒன்று, கீழே வேறொன்று இருந்தது, முந்தைய ஹோட்டலுக்கு எழுதியதை அப்படியே விட்டிருந்தேன். அழைப்போடு "அன்புள்ள" என்ற அர்த்தத்தில் Chère சேர்க்காதீர்கள், அது தெரிந்தவர்களுக்கு.

திருத்திய கடிதத்தை இந்த முறை நான்கே ஹோட்டலுக்கு அனுப்பினேன், ஒவ்வொன்றுக்கும் முதல் பத்தியைப் புதிதாக எழுதி. கடிதத்தைப் பிடிஎஃப்பாக இணைத்து, மெயிலில் மூன்றே வரி. ஒன்றிலிருந்து பதில் வந்தது, போனில் பேசலாம் என்று. அங்கே காலை பத்து என்றால் குளிர்காலத்தில் நமக்கு மதியம் இரண்டரை. வீட்டில் மிக்சி ஓடாத நேரமாகப் பார்த்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

கடிதத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தலாம், தப்பில்லை, ஆனால் நம் வாயில் வராத வாக்கியம் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. ஏனென்றால் அந்த ஹோட்டலிலிருந்து பேசிய அம்மா போனில் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். வாரத்துக்கு முப்பது பேர் என்றாயே, காலை பதினொன்றுக்கு விருந்தினர் வந்துவிட்டார், அறை இன்னும் சுத்தம் ஆகவில்லை, என்ன சொல்வாய், இப்போதே சொல் என்றார். அது நான் டிசம்பர் முழுக்கச் சொன்ன பதில். பெட்டியை இங்கே வைத்துவிடுங்கள், குடிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா, அறை தயாரானதும் நானே வந்து அழைக்கிறேன் என்று பிரெஞ்சில் கடகடவென்று வந்துவிட்டது. அடுத்த கேள்வியாக, இரவு ஷிப்ட் பார்ப்பாயா என்று கேட்டார்.