மிச்சக் காசு கொண்டக்டர்: துணைப் பாத்திரம் எழுதிப் படித்த பாடம்

இறுதியாண்டுத் திரைக்கதை ஒப்படைக்கு எட்டு அத்தியாயத் தொடர் ஒன்று எழுதினேன். பருத்தித்துறை வாணி, வெளிநாட்டிலிருக்கும் தங்கை நம்பிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தை வைத்து இருவருக்கும் பொதுவான காணியை விற்று, முழுக் காசையும் தானே எடுக்கப் பார்க்கிறாள். அவள் யாழ்ப்பாணம் போய்வரும் மினிபஸ்ஸின் கொண்டக்டர்தான் துணைப் பாத்திரம். "சில்லறை இல்லைத் தங்கச்சி, மிச்சம் பிறகு தாறன்" என்பார். ஆனால் ஆருக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைப்பார்.

வகுப்பில் வாசித்தபோது எல்லோரும் அவரைத்தான் ரசித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு வீடு, நோயாளித் தாய் என்று மூன்றாம் அத்தியாயத்தில் தனிக் காட்சியே கொடுத்தேன். ஆறாம் அத்தியாயத்தில் அவர் விஷயத்தை அறிந்து தங்கைக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுவார். வாய்மொழித் தேர்வில் கேள்வி வந்தது: "உண்மையைச் சொன்னது கொண்டக்டர் எண்டால், வாணிக்கு இந்தக் கதையில என்ன வேலை?" பதில் என்னிடம் இருக்கவில்லை. திருத்தித் தரச் சொன்னார்கள்.

திருத்தும்போது அவரைக் குறைக்கவில்லை. அவருடைய ஆசையைத்தான் மாற்றினேன். வாணியின் கதையோடு தொடர்பில்லாத, சின்னதொரு ஆசை அவருக்கு வேண்டும். பஸ்ஸை முதலாளி விற்கப்போகிறார். அதற்குள் கொப்பிக் கணக்கு முழுவதையும் தீர்க்க வேண்டும். காணி பற்றி அவருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. வாணி இல்லாத காட்சியில் அவரும் இல்லை. ஒரு காட்சிக்கு ஒன்றரைப் பக்கம்தான். அவர் பேசி முடித்ததும் காட்சி முடியாது, வாணியின் முகத்தில்தான் முடியும்.

பழக்கத்தை எத்தனை தரம் காட்டுவது என்பதிலும் தடுமாறினேன். ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி "பிறகு தாறன்" வந்தால் மூன்றாம் தரமே அலுக்கும். அதனால் முதல் அத்தியாயத்தில் 20 ரூபா கடன் வைக்கிறார். மூன்றாவதில் இன்னும் 30 சேர்கிறது, வாணி எரிச்சல்படுகிறாள். ஐந்தாவதில் அவசரத்தில் 50 ரூபா மிச்சத்தை அவளே கேட்காமல் இறங்க, அவர் ஜன்னலால் கூப்பிட்டு, "எழுதியிருக்கிறன் தங்கச்சி" என்கிறார். ஏழாவதில் பழக்கம் உடைகிறது: அன்று வாணியின் கைப்பையில் காணிக்கு வாங்கிய முற்பணம் இருக்கிறது. அவர் 100 ரூபாவை எண்ணி நீட்டுகிறார்.

"வைச்சிருங்கோ அண்ணை."

"உங்கட காசை நான் எப்பிடி வைச்சிருக்கிறது?"

அவர் தன் கணக்கைத்தான் பேசுகிறார். குத்துவது வாணிக்கு. விஷயம் தெரிந்து சொல்லியிருந்தால் அது புத்திமதியாகிப் போயிருக்கும்.

முடித்ததும் ஒரு சோதனை செய்தேன். கொண்டக்டரின் வசனங்களை எல்லாம் வெட்டி, மிச்சத்தை வாசித்தேன். பஸ் காட்சிகள் சப்பென்று இருந்தன. ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் தங்கைக்குப் போன் எடுப்பது வாணிதான், அதற்கான காரணங்களும் அவளுடைய காட்சிகளிலேயே இருந்தன. வெட்டிய வசனங்களைத் திரும்பச் சேர்த்து, திருத்திய முழுப் பிரதியைத்தான் இரண்டாம் முறை கையளித்தேன்.