தொற்றின் உச்சி எது? ஒரே கேள்வியில் எட்டுப் புள்ளி விட்ட கதை

மூன்றாம் வருடப் பிரயோக கணிதப் பரீட்சையில் தொற்றுநோய்ப் பரவல் கேள்வி வந்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மூன்று சமன்பாடுகளும் மனப்பாடம். எழுதி முடித்துவிட்டு வெளியில் வந்து, கிளிநொச்சி பஸ்ஸில் யன்னலோரம் இருந்து யோசித்தபோதுதான் கடைசிப் பகுதியில் பிழை விட்டது தெரிந்தது. எட்டுப் புள்ளி. சமன்பாடு தெரியாமல் போன புள்ளி இல்லை அது. "உச்சி" என்ற சொல்லை நான் பிழையாக வாசித்ததால் போனது. இந்தப் பாடத்தை இப்போது எடுக்கிற தம்பி தங்கச்சிமார் அதே இடத்தில் விழாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எண்களை ஞாபகத்திலிருந்து தருகிறேன், கணக்கு இலகுவாக வரும்படி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 1000 பேர் உள்ள ஒரு கிராமம். வெளியாட்கள் வருவதில்லை, உள்ளவர்கள் போவதில்லை. முதல் நாளில் 10 பேருக்குத் தொற்று, மற்ற 990 பேருக்கும் வரக்கூடும். ஒருமுறை வந்து மாறினால் திரும்ப வராது. தொற்றும் வீதம் β = 0.5, நோய் மாறும் வீதம் γ = 0.2, இரண்டும் நாளொன்றுக்கு.

ஆட்களை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கிறோம். S இன்னும் வராதவர்கள், I இப்போது தொற்றோடு இருப்பவர்கள், R நோய் மாறியவர்கள். ஊரின் மொத்த ஆட்தொகை N. 1927இல் கெர்மாக்கும் மக்கென்றிக்கும் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிற மாதிரி இது.

```
dS/dt = −βSI/N
dI/dt =  βSI/N − γI
dR/dt =  γI
```

இதை மனப்பாடம் செய்யாதீர்கள். நான் செய்ததால்தான் வினை. அம்புக்குறி போட்டு மூன்று பெட்டி கீறுங்கள். S இலிருந்து I க்கு ஓர் அம்பு, I இலிருந்து R க்கு ஓர் அம்பு. ஓர் அம்பு எந்தப் பெட்டியை விட்டுப் போகிறதோ அங்கே கழித்தல், எந்தப் பெட்டிக்குள் போகிறதோ அங்கே கூட்டல். மூன்றையும் கூட்டினால் வலப்பக்கம் பூச்சியம் வர வேண்டும், ஏனென்றால் ஊரில் ஆட்தொகை மாறவில்லை. வராவிட்டால் எங்கோ ஒரு குறி பிழைத்துவிட்டது.

முதலாவது அம்பின் அளவில்தான் பலர் சறுக்குவார்கள். தொற்றுள்ள ஒருவர், சுற்றியுள்ள எல்லாரும் இன்னும் நோய் வராதவர்களாக இருந்தால், நாளொன்றுக்கு 0.5 பேருக்குக் கொடுப்பார், அதாவது இரண்டு நாளைக்கு ஒருவர். ஆனால் அவர் சந்திக்கிறவர்களில் S/N பங்கு மட்டுமே வராதவர்கள். ஆகவே ஒருவர் கொடுப்பது βS/N, I பேர் கொடுப்பது βSI/N. N ஆல் பிரிக்க மறந்தால் என்ன நடக்கும் என்று போட்டுப் பாருங்கள்: 0.5 × 990 × 10 = 4950. ஆயிரம் பேர் உள்ள ஊரில் முதல் நாளிலேயே ஐயாயிரம் பேருக்குக் காய்ச்சல்! N ஆல் பிரித்தால் 4.95, நம்பக்கூடிய எண். (சில கேள்விகளில் N ஐ β க்குள்ளேயே சேர்த்துத் தருவார்கள். அப்போது β 0.0005 போலச் சின்னதாக இருக்கும். எது என்று எண்ணைப் பார்த்தே தெரிந்துவிடும்.) γ = 0.2 என்றால் நோய் சராசரி 5 நாள். ஐந்து நாளில் ஒருவர் 2.5 பேருக்குக் கொடுப்பார். R₀ = β/γ = 2.5 என்பது அதுதான்.

இனி நான் விழுந்த இடம். கேள்வி இரண்டு துண்டாக இருந்தது. முதல் துண்டு, தொற்றோடு இருப்போரின் எண்ணிக்கை எப்போது உச்சம், எத்தனை பேர். இரண்டாவது துண்டு, புதிதாகத் தொற்றுவோரின் நாளாந்த எண்ணிக்கை உச்சமாகும்போது S, I எவ்வளவு. நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்து இரண்டாவதுக்கு "மேலுள்ளவாறே" என்று ஒரு வரி எழுதிவிட்டு, கணக்குச் சுகமாக முடிந்தது என்று பேப்பரைக் கட்டினேன்.

அண்டைக்குப் பின்னேரம் வீட்டில் அப்பா கேட்டார், எப்படிச் செய்தாய் என்று. சொன்னேன். அப்பாவுக்கு வகையீடு தெரியாது, வயல் செய்கிறவர். ஆனால் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று ஒவ்வொரு மாரியிலும் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பவர்.

"மழை அடிச்சு ஊத்தேக்க கனகராயன் ஆறு பெருக்கெடுத்து வருமல்லோ. அண்டைக்கே குளத்தில தண்ணி கூடவோ நிக்கிறது?"

"இல்லையப்பா. மழை விட்ட பிறகும் ஏறும்."

"ஏன் ஏறுது?"

"வாறது குறைஞ்சாலும் போறதை விடக் கூடத்தானே."

"பிறகென்ன பிள்ளை, உன்ர காய்ச்சலும் அதுதானே."

அதுதான். I என்பது குளத்தில் நிற்கும் தண்ணீர். βSI/N ஆற்றால் வருவது, γI வான்கதவாலும் துருசாலும் போவது. ஆறு உச்சமாகப் பாயும் நேரம் வேறு, குள மட்டம் உச்சமாகும் நேரம் வேறு. வருவதும் போவதும் சமனாகும் கணத்தில்தான் மட்டம் ஏறுவது நிற்கும். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், இன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு கணக்கு, கட்டிலில் படுத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கு.

முதல் துண்டைச் செய்வோம். dI/dt = I(βS/N − γ). I பூச்சியமில்லை, ஆகவே அடைப்புக்குள் பூச்சியமாக வேண்டும்: S = γN/β = 0.2 × 1000 / 0.5 = 400. S 400க்கு மேலே இருக்கும்வரை I ஏறும், கீழே போனதும் இறங்கும். எத்தனை பேர் என்று கேட்டால் நேரத்தை அகற்ற வேண்டும். இரண்டாம் சமன்பாட்டை முதலாவதால் வகுத்தால் t மறைந்துவிடும்:

```
dI/dS = −1 + 400/S
I = 1000 − S + 400 ln(S/990)
```

தொகையீட்டு மாறிலியைத் தொடக்க நிலையிலிருந்து எடுத்தேன். S = 990 போட்டால் I = 10 வருகிறதா என்று ஒருதரம் பாருங்கள், வரும். இனி S = 400 போடுங்கள். I = 600 − 400 × 0.906, அண்ணளவாக 238. மிச்சம் 362 பேர் மாறியவர்கள். சரிபார்ப்பது சுகம்: புதிதாகத் தொற்றுவது 0.5 × 400 × 238 / 1000 = 47.6, மாறுவது 0.2 × 238 = 47.6. வருவதும் போவதும் சமன்.

இரண்டாம் துண்டு. இப்போது உச்சமாக வேண்டியது I இல்லை, SI என்ற பெருக்கம். வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி S, I இரண்டையும் பொதுவாக எடுத்தால் மிஞ்சுவது ஒரு வடிவான நிபந்தனை:

```
S − I = γN/β = 400
```

இதை மேலே உள்ள I இன் சூத்திரத்தோடு சேர்த்தால் 2S − 400 ln(S/990) = 1400. இதை அட்சரகணிதத்தால் தீர்க்க முடியாது, கல்குலேட்டரில் எண் போட்டுத் தேட வேண்டும். S = 600 போட்டால் இடப்பக்கம் 1400.3. அதுவே போதும். ஆக S ஏறத்தாழ 600, I 200, R 200. அன்றைக்குப் புதிதாகத் தொற்றுவோர் 0.5 × 600 × 200 / 1000 = 60, மாறுவோர் 40. குள மட்டம் இன்னும் நாளுக்கு 20 ஏறிக்கொண்டிருக்கிறது! என்னுடைய "மேலுள்ளவாறே" எவ்வளவு பிழை என்று இந்த 20 காட்டும்.

நாட்களாகச் சொன்னால், புதுத் தொற்று உச்சமாவது 13ஆம் நாளளவில். தொற்றோடு இருப்போர் உச்சமாவது அதற்கு மூன்றரை நாள் கழித்து, 16க்கும் 17க்கும் இடையில். இந்த நாட்கள் மேலுள்ள சூத்திரத்திலிருந்து நேரே வராது, எண்முறையால்தான் எடுக்க வேண்டும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. செயன்முறைப் பாடத்தில் ஒயிலர் முறையில் ஒரு நாள் படியாகப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் வந்தது இது:

```
நாள்    S     I
16     480   241
17     422   251
18     369   253
19     322   250
```

உச்சி 18ஆம் நாள், 253 பேர் என்று எழுதத் தோன்றும். ஆனால் உச்சியில் S 400 ஆக இருக்க வேண்டுமே. இங்கே 369. I உம் 238ஐத் தாண்டக் கூடாது, தாண்டிவிட்டது. மாதிரியில் பிழை இல்லை, படி பெரிது. ஒயிலர் காலையில் இருந்த வேகத்தையே நாள் முழுக்கப் பிடித்துக்கொள்வார். தொற்று ஏறும்போது அது குறைவான வேகம், அதனால் உச்சி பிந்துகிறது. S விழுந்துகொண்டிருக்கும்போதும் காலைச் S ஐயே வைத்திருப்பதால் வளையி மேலே துள்ளிவிடுகிறது. படியை 0.1 நாளாக்கினால் உச்சி கையால் கண்ட விடைக்குக் கிட்ட வந்துவிடும். கணினியில் போடமுதல் 400, 238 என்ற இரண்டு எண்ணையும் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுப் போடுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

வளையியை வாசிக்கச் சொன்னால் இன்னொன்றும் கேட்பார்கள்: உச்சிக்குப் பிறகு எத்தனை பேருக்குத் தொற்றும்? I = 0 ஆகும் இடத்தை அதே சூத்திரத்தில் தேடினால் S ஏறத்தாழ 106. உச்சியில் S 400. ஆக உச்சி கடந்த பிறகும் 294 பேருக்குத் தொற்றும். கடைசிவரை நோய் வராதவர்கள் 106 பேர் மிஞ்சுவார்கள். "S முழுக்க முடிந்ததால் நோய் நின்றது" என்று எழுதினால் புள்ளி போகும். 106 பேர் இருக்கும்போதே தொற்றுள்ளவர்கள் இல்லாமல் போய்விடுகிறார்கள்.

விவரணக் கேள்வியில் எங்கள் ஊர் நோய்களைக் கண்மூடித்தனமாக இந்த மூன்று பெட்டிக்குள் போடாதீர்கள். கொப்புளிப்பான் தொற்றி இரண்டு கிழமையளவு ஒன்றும் தெரியாமல் உள்ளே இருக்கும், அதற்கு S க்கும் I க்கும் நடுவில் ஒரு பெட்டி வேண்டும். எங்கள் அம்மா அப்பா காலத்து வன்னியில் வீட்டுக்கு வீடு இருந்த மலேரியாவும், இப்போதைய டெங்கும் ஆளிடமிருந்து ஆளுக்கு நேரே போவதில்லை, βSI/N என்ற உறுப்பே அங்கே பொருந்தாது. மனிதருக்கு ஒரு வரிசைப் பெட்டி, நுளம்புக்கு ஒரு வரிசைப் பெட்டி கீறி, அம்புகளைக் குறுக்கே போட வேண்டும்.