என்னைத் தேட யார் வருவார்?

மார்ச் 4, செவ்வாய்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்தது. முன்பு குடியிருந்தவர்களிடம் இதன் பிரதிகள் எத்தனை இருக்கின்றன என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. பூட்டை மாற்ற அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். வாய்ச்சொல்லை நம்பி இருக்க முடியாது. சாவி நுழையும் உருளையை மட்டும் மாற்றினாலே பழைய சாவிகள் செல்லாக்காசாகிவிடும். அதுவரை இரவில் கதவடியில் ரப்பர் ஆப்பு. உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குத்தான் அது உதவும். நல்லவேளை, இது அந்த வகை.

மார்ச் 9, ஞாயிறு

"இரவில் நீ வீடு வந்து சேரவில்லை என்றால் நான் உடனே போலீசைக் கூப்பிடுவேன்" என்றார் வேறு நாட்டில் இருக்கும் அம்மா. எந்தப் போலீசை? அவசர எண்ணை அங்கிருந்து அழுத்தினால் அவர் ஊர்க் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். அதனால் என் பகுதிக் காவல் நிலையத்தின் முழு எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் முதல் பொறுப்பு இந்த ஊரிலேயே இருப்பவருக்குத்தான். அலுவலகத் தோழி ஒப்புக்கொண்டாள். மாடி எண் உட்பட என் முகவரி, வீட்டுக்காரர் எண் இரண்டும் அவளிடம் இருக்கின்றன.

ஏற்பாடு இதுதான்: புறப்படும்போது வீடு சேரும் நேரத்தை அனுப்புவேன். உள்ளே வந்து தாழிட்ட பிறகே "வந்துவிட்டேன்". இருபது நிமிடம் தாண்டினால் அவள் அழைப்பாள். இரண்டு முறை எடுக்காவிட்டால் போலீஸ். வாட்ஸ்அப் நேரலை இருப்பிடத்தில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வுகள். 8 மணி நேரத்தை வைத்திருக்கிறேன். ரயில் தாமதமானால் 1 மணி நேரம் பாதி வழியிலேயே முடிந்துவிடும். ஆனால் சுரங்கப்பாதையில் புள்ளி நகராது. அதனால் புள்ளியைவிடக் கடிகாரத்தைத்தான் நம்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

கடைசி ரயில் ரத்து. மாற்றுப் பேருந்து என்றார்கள். "12.30 ஆகும்" என்று புது நேரம் அனுப்பினேன். கைபேசியில் சார்ஜ் 9 சதவீதம். பேசுவதற்கு மிஞ்ச வேண்டும் என்று இருப்பிடப் பகிர்வை நிறுத்திவிட்டு, அதையும் அவளுக்குச் சொன்னேன்.

என் நிறுத்தத்தில் ஓர் ஆளும் இறங்கினான். தெருவைக் கடந்தேன், அவனும் கடந்தான். மறுபடி இந்தப் பக்கம் வந்தேன், வந்தான். வீட்டு வாசலைக் காட்டிக் கொடுப்பதைவிட முட்டாள்தனம் வேறில்லை. திறந்திருந்த பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்து, கல்லாவில் இருந்தவரிடம் "ஒருவன் பின்தொடர்கிறான், இங்கே நிற்கலாமா?" என்று கேட்டேன். தலையசைத்தார். கண்ணாடிக்கு வெளியே சற்று நின்றவன் போய்விட்டான். அவனும் வீடு திரும்பியவனாகவே இருக்கலாம். எனக்கு அதைத் தீர்மானிக்க வேண்டிய அவசியமில்லை.

தோழி முதல் அழைப்பை எடுக்கவில்லை. தூங்கிவிட்டாள். இரண்டாவதில் எழுந்து டாக்சி பதிவு செய்து, வண்டி எண்ணை அனுப்பினாள்.

மார்ச் 21, வெள்ளி

இனி என் செய்தி வந்ததும் அந்த நேரத்துக்கு அலாரம் வைப்பது அவள் வேலை. இரண்டாவது ஆளாக மேல்மாடி அக்காவையும் சேர்த்தேன். இரவுப் பணி செய்பவர், அந்நேரத்தில் விழித்திருப்பார். மாற்றிய பூட்டின் உபரிச் சாவியும் அவரிடம்தான்.