கடிதத்தில் நான் அடித்துத் திருத்திய வரி

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நிதிப் பிரிவுத் தலைவராக இருந்தபோது, கணக்கு, ஸ்டாக், பர்ச்சேஸ் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருளை மேம்படுத்த 1.80 கோடி ரூபாய் கேட்டு போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரைவில் 'ஸ்டாக் குறைவதால் ஆண்டுக்கு 1.50 கோடி மிச்சம்' என்று ஒரு வரி இருந்தது. அனுப்புவதற்கு முன் எங்கள் எம்.டி.யிடம் காட்டினேன். அவர் அந்த வரியில் பேனாவை வைத்து, "இந்த ஒன்றரைக் கோடி அடுத்த வருஷமும் வருமா சார்?" என்றார்.

வராது. ஸ்டோர்ஸில் ஒரே பேரிங்குக்கு மூன்று ஐட்டம் கோடு இருந்தன. ஒரு கோடில் இருப்பு பூஜ்யம் என்று திரை காட்டும், பர்ச்சேஸ் ஆர்டர் போவதும் நடக்கும். அதே பேரிங் வேறு கோடில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். இதைச் சரிசெய்தால் ஒன்றரைக் கோடி ஸ்டாக் பணமாகும். ஆனால் அது ஒரே தடவைதான். ஆண்டுதோறும் மிச்சமாவது அதற்கான வங்கி வட்டி மட்டும்: பத்து சதவீதம் என்றால் 15 லட்சம்.

சரி, வேறென்ன இருக்கிறது என்று தேடினேன். சப்ளையர் பில்லை ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றாமல் விட்டது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியவரும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால், அந்தப் பில்லில் நாங்கள் கொடுத்த வரியை எங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் போனதுதான். அப்படி ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் போய்க்கொண்டிருந்தது. ஆக மொத்தம் 20 லட்சம். 1.80 கோடியை இருபது லட்சத்தால் வகுத்தால், போட்ட பணம் திரும்ப ஒன்பது வருடம். இதைப் பார்த்து யார் பணம் தருவார்?

ஆட்குறைப்பு என்று எழுதிக் கணக்கை அழகாக்கியிருக்கலாம். மனம் வரவில்லை; யாரையும் குறைக்கப் போவதுமில்லை.

உண்மையான காரணம் வேறு. பழைய மென்பொருளில் ஒரு வவுச்சரைத் திருத்தினால் முந்தைய தொகை தடமில்லாமல் மறைந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்கவும் முடியக்கூடாது. எங்களிடம் அது இல்லை என்று ஆடிட்டர் தன் அறிக்கையிலேயே எழுதிவிட்டார். கடன் கொடுத்த வங்கியும் அதைப் படிக்கும்.

இதைக் கடிதத்தின் முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். ஒன்றரைக் கோடியை 'ஒருமுறை விடுபடும் பணம்' என்று திருத்தி, ஒன்பது வருடக் கணக்கையும் மறைக்காமல் வைத்தேன்.

போர்டு ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. ஐட்டம் கோடுகளைச் சுத்தம்செய்ய 20 லட்சம் முதலில். கையால் எண்ணிய இருப்பும் திரையில் தெரியும் இருப்பும் ஒத்துப்போன பிறகே மீதி. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர்ஸில் நானே உட்கார்ந்து பேரிங் எண்ணினேன்.