200 எழுத்துக்குள் ஓர் அறிமுகம்

இறுதியாண்டு தொடங்கிய முதல் வாரத்தில் ஒரே இரவில் 40 பேருக்கு லிங்க்டினில் இணைப்புக் கோரிக்கை அனுப்பினேன். தேடலில் வரிசையாக வந்த பெயர்களுக்குப் பக்கத்தில் Connect என்று இருந்ததை அழுத்திக்கொண்டே போனேன், அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரத்தில் 11 பேர் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் எதைக் கேட்பது என்று எனக்கும் தெரியாது.

எங்கள் துறையிலேயே எனக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன். அவர் மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டு, “இதுல யாராவது ஒருத்தர் ஆபீஸ் போனதும் என்ன வேலை செய்றாங்கன்னு சொல்லு பார்க்கலாம்” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. பெரிய பதவிப் பெயர்களாகப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன்.

அதற்கப்புறம் தேடுவதை மாற்றினேன். நிறுவனத்தின் பெயரையும் பதவியின் பெயரையும் விட்டுவிட்டு, என் ப்ராஜெக்ட்டில் நான் மாட்டிக்கொண்டிருந்த விஷயத்தைத் தேடினேன். மோட்டாரில் பேரிங் பழுதாவதை அதன் அதிர்வை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். அதிர்வுப் பகுப்பாய்வு என்று தேடி, வந்தவர்கள் எழுதிய பதிவுகளைப் பொறுமையாகப் படித்தேன். ஒரு வாரத்தில் ஏழு பேரைக் குறித்து வைத்தேன். பெரும்பாலானோர் நான்கு முதல் எட்டு வருட அனுபவம் உள்ளவர்கள். இந்த அனுபவ வரம்பு எனக்குப் பின்னால் ரொம்ப உதவியது. தினமும் கையால் அந்த வேலையைச் செய்பவர்கள் இவர்கள்தான். மாணவப் பருவம் இன்னும் நினைவில் இருப்பவர்களும் இவர்களே.

அந்த ஏழு பேரில் ஒருவர் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பொறியாளர். ஒரு பம்ப் ஒரே இரவில் மூன்று முறை எச்சரிக்கை கொடுத்ததைப் பற்றி எழுதியிருந்தார். பிரித்துப் பார்த்தால் பேரிங் நன்றாக இருந்திருக்கிறது. தளர்ந்திருந்தது சென்சார். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாங்களும் மோட்டார் மேல் சென்சாரைக் காந்தத்தால்தான் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் உயர் அதிர்வெண் பகுதியில் வேறு வேறு அளவு வந்துகொண்டிருந்தது. பழுது பேரிங்கிலா, நாங்கள் வைக்கும் விதத்திலா என்று குழம்பிக்கொண்டிருந்தோம்.

இவருக்கு இணைப்புக் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பை மூன்று முறை எழுதினேன். அனுப்பியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் சொல்கிறேன். முதலில் எழுதியது இது:

“வணக்கம் மேடம். நான் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி. உங்கள் ப்ரொஃபைல் எனக்கு மிகவும் ஊக்கமளித்தது. உங்களோடு இணைந்து உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.”

மரியாதையாகத்தான் இருக்கிறது. அக்கா ஒரே கேள்வி கேட்டார்: “இதையே அந்த மற்ற ஆறு பேருக்கும் அனுப்பலாமா?” அனுப்பலாம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். அதுதான் அதன் கோளாறு. இன்னொன்றையும் அவர் காட்டினார். கோரிக்கை போய்ச் சேரும்போது என் பெயரும், பெயருக்குக் கீழே நான் வைத்திருக்கும் தலைப்பு வரியும் குறிப்போடு சேர்ந்தே தெரியும். இலவசக் கணக்கில் குறிப்புக்குக் கிடைப்பது 200 எழுத்துதான், இடைவெளியும் அதில் அடக்கம். நான் யார் என்பதைத் தலைப்பு வரி சொல்லிவிட்டால் அந்த இடம் மிச்சமாகும். “மாணவி” என்று மட்டும் இருந்த என் தலைப்பை “இறுதியாண்டு இயந்திரவியல், மோட்டார் பேரிங் பழுதை அதிர்வால் கண்டறிதல்” என்று அன்றே மாற்றினேன்.

இரண்டாவது முறை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். சென்சார் வகை, மோட்டாரின் வேகம், மூன்று அளவீடுகளின் வித்தியாசம் எல்லாவற்றையும் திணித்தேன். 200 எழுத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. போதாக்குறைக்குக் கடைசியில் “உங்கள் நிறுவனத்தில் பயிற்சி வாய்ப்பு இருந்தால்” என்று ஒரு வால். அந்த வாலைப் பார்த்ததும், மேலே கேட்ட கேள்வி வெறும் சாக்குதானோ என்று யாருக்கும் தோன்றும். எடுத்துவிட்டேன்.

மூன்றாவது இப்படி வந்தது:

“வணக்கம் மேடம். சென்சார் தளர்ந்து பொய் எச்சரிக்கை வந்ததைப் பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் ப்ராஜெக்ட்டிலும் சென்சாரைக் காந்தத்தால் ஒட்டுகிறோம். அது பற்றி ஒரு சிறு கேள்வி கேட்கலாமா?”

இதில் புகழ்ச்சி இல்லை. ஆனால் அவர் எழுதியதைப் படித்தேன் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. எனக்கும் அவருக்கும் பொதுவான ஒரு பொருள் இருக்கிறது. நான் கேட்பது சின்னது, அதை மறுப்பதும் அவருக்குச் சுலபம். மரியாதை என்று நான் நினைப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். “மதிப்பிற்குரிய” என்று தொடங்கிவிட்டு அரை மணி நேர அழைப்பு கேட்பதில் மரியாதை இல்லை.

அனுப்பும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தேடல் பட்டியலிலிருந்தோ பரிந்துரைப் பட்டியலிலிருந்தோ அவசரமாக அழுத்தினால், பல நேரம் குறிப்பு எழுத இடமே தராமல் கோரிக்கை போய்விடும். அவருடைய பக்கத்துக்குள் போய் Add a note வருகிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகள் மட்டும்தான் அனுமதி. எத்தனை என்பதை அவ்வப்போது மாற்றுகிறார்கள். எனக்கு இந்தக் கட்டுப்பாடு நல்லதாகவே போயிற்று. யாருக்கு எழுதுவது என்று யோசிக்க வைத்தது.

ஒன்பது நாள் பதில் இல்லை. கோரிக்கையைத் திரும்ப எடுத்துவிட்டு வேறு விதமாக எழுதி அனுப்பலாமா என்று கை துறுதுறுத்தது. நல்ல வேளை செய்யவில்லை. திரும்ப எடுத்தால் அதே நபருக்கு மீண்டும் அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் ஏற்றுக்கொண்டார். நான் எழுதிய குறிப்பே எங்கள் உரையாடலின் முதல் செய்தியாக மேலே நின்றது. “கேளுங்கள்” என்று கீழே ஒரு சொல்.

கேள்வியை முன்பே எழுதி வைத்திருந்தேன். ஒரு வரைபடம், மூன்று வரி. ஒரே இடத்தில் மூன்று முறை வைத்து எடுத்தும் உயர் அதிர்வெண்ணில் அளவு ஒத்துப்போகவில்லை, முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும், இவ்வளவுதான். அவருடைய பதில் ஒரு கேள்வியாக வந்தது: “பெயிண்ட் மேலயா வைக்கிறீங்க?”

ஆமாம், பெயிண்ட் மேல்தான். அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிச் சமமாக்குங்கள், மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், இடத்தை அடையாளமிட்டு அதே இடத்தில் வையுங்கள், காந்தத்தை ‘டப்’பென்று ஒட்ட விடாமல் ஓரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து வையுங்கள் என்றார். அப்படியும் காந்தத்தில் வைத்தால் மிக உயர்ந்த அதிர்வெண்கள் சரியாக வராது, அதற்குத் திருகாணியால் இறுக்க வேண்டும் என்றும் சேர்த்தார். மொத்தம் ஐந்து வரி. எங்களுக்கு மூன்று வாரம் மிச்சமானது.

அடுத்த வாரம் புதிதாக எடுத்த மூன்று அளவீடுகளும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. அந்த வரைபடத்தை அவருக்கு அனுப்பி, என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதினேன். எதையும் கேட்கவில்லை. நான் அனுப்பியதிலேயே அதிகம் வேலை செய்தது இந்தச் செய்திதான் என்று இன்று தோன்றுகிறது. அன்று மாலையே அவர் நீளமாக எழுதினார். படிப்பு முடித்து என்ன செய்யப்போகிறேன் என்று அவராகவே கேட்டார். தன்னோடு முன்பு வேலை பார்த்த இரண்டு பேருக்கு என்னை அறிமுகம் செய்தார். அதில் ஒருவர் மூலம் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது, அந்த வேலை கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து இன்னொருவரின் குழுவில் சேர்ந்தேன்.

அதே பருவத்தில் ஒரு தவறும் செய்தேன். அந்த ஏழு பேரில் இன்னொருவர் இதேபோல நல்ல குறிப்பைப் பார்த்துச் சில மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார். அந்த உற்சாகத்தில் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் என் சுயவிவரத்தை அனுப்பி, “ரெஃபர் செய்ய முடியுமா சார்?” என்று கேட்டுவிட்டேன். பார்த்தார், பதில் வரவில்லை. எனக்கு அப்போது மனத்தாங்கலாக இருந்தது. ரெஃபர் செய்வது என்றால் தன் மேலாளரிடம் தன் பெயரை வைத்துப் பேசுவது என்பது வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. என் வேலையில் ஒரு துளிகூடப் பார்க்காத ஒருவரிடம் நான் அதைக் கேட்டிருக்கிறேன். அவர் குழுவின் விளம்பரத்தில் கேட்டிருந்த திறன்களில் எது தினசரி வேலைக்குத் தேவைப்படுகிறது என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அதைக் கற்றுக்கொண்டு, செய்து காட்டிய பிறகு ரெஃபர் பேச்சை எடுத்திருக்கலாம்.

இறுதியாண்டு முழுவதும் குறிப்போடு அனுப்பியவை 23. பதினான்கு பேர் ஏற்றார்கள், ஒன்பது பேரோடு பேச்சு நடந்தது. ஒரு விரிதாளில் தேதி, ஏன் இவர், என்ன கேட்டேன், என்ன சொன்னார் என்று எழுதி வந்தேன். கடைசியாக ஒரு கட்டம்: “முடிவைச் சொன்னேனா?” அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அவரிடம் அடுத்த கேள்வி கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். குறிப்பு இல்லாமல் சேர்ந்த அந்தப் பதினொரு பேர் விரிதாளில் இல்லவே இல்லை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது எனக்கே மாணவர்களிடமிருந்து கோரிக்கைகள் வருகின்றன. ஒன்றில் நான் வேலை பார்த்தே இராத நிறுவனத்தின் பெயரைப் போட்டு, அங்கே என் பயணம் ஊக்கமளிப்பதாக எழுதியிருந்தது. ஒரு வார்ப்புருவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும்போது இது நடக்கும். வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பையனின் தலைப்பு வரியில் இருந்த ப்ராஜெக்ட் எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம். ஏற்றுக்கொண்டு, அதைப் பற்றி நானே கேட்டேன். பதில் வரவில்லை.

போன வாரம் வந்தது வேறு. “அக்கா, மின்விசிறி மோட்டாரில் அளவெடுக்கிறோம். நீங்கள் பதிவில் சொன்னபடி கிரீஸ் தடவியும் மூன்றாவது அளவு மட்டும் விலகுகிறது. கேட்கலாமா?” என்றிருந்தது. ஏற்றுக்கொண்ட கையோடு, மூன்றாவது அளவு எடுக்கும்போது மோட்டார் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டு அனுப்பினேன்.